கூப்பிட்டால் கேட்கிற பெயர்

தடுப்பூசி அட்டையில் 'மேக்ஸ்' என்று எழுதியிருக்கும். வீட்டில் பாட்டி 'மேக்ஸு' என்பார். வேலைக்கு வருகிற அக்காவுக்கு அது 'மேசு'. பையன் கொஞ்சும்போது 'மேக்ஸீ', அப்பாவுக்குப் பாதி நேரம் வெறும் 'டேய்'. கேட் திறந்திருந்த ஒரு மாலையில் நாய் தெருவுக்கு ஓடிவிட, நான்கு பேரும் நான்கு விதமாகக் கத்துகிறார்கள். அது திரும்பிக்கூடப் பார்க்காமல் குப்பைத் தொட்டியை நோக்கிப் போகிறது. "சொன்ன பேச்சே கேக்காது சார் இது" என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் புகார் வேறு.

நாயின் மேல் தப்பில்லை. அதற்கு வைத்தது எழுதுவதற்கான பெயர். தமிழ் வாயில் அதைத் தூரத்துக்குக் கூப்பிடும்போது என்ன ஆகும் என்று யாரும் பார்க்கவில்லை. வளர்ப்பு நாய்க்கோ, தெருவிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்ட பூனைக்கோ பெயர் தேடுகிறவர்கள் அழகைப் பார்க்கிறார்கள், பொருளைப் பார்க்கிறார்கள், சினிமாவைப் பார்க்கிறார்கள். அந்தப் பெயர் எப்படிக் கேட்கும் என்பதை மட்டும் கடைசி வரைக்கும் சோதிப்பதில்லை.

மெய்யெழுத்தில் முடியும் பெரும்பாலான வெளிநாட்டுப் பெயர்களும் தமிழர் வாயில் வந்ததும் பின்னால் ஓர் உகரத்தை ஒட்டிக்கொள்ளும். பஸ் பஸ்ஸாகவும் கார் காராகவும் எழுத்தில் நிற்கலாம். பேச்சில் அவை பஸ்ஸு, காரு. மேக்ஸ், புரூஸ், ஜேக் எல்லாவற்றுக்கும் இதே கதிதான். இந்த உகரத்தின் சிக்கல் என்னவென்றால் அதை நீட்ட வராது. 'மேக்ஸுஊஊ' என்று மொட்டை மாடியிலிருந்து கூவிப் பார்த்தால் தெரியும். குரல் எழும்பாமல் உதட்டுக்குள்ளேயே நின்றுவிடும். அதனால்தான் ஆளுக்கு ஆள் அதை ஏகாரமாகவோ ஈகாரமாகவோ மாற்றிக்கொள்கிறார்கள். அங்கேயே ஒரு பெயர் நான்காகிவிடுகிறது.

தூரத்தில் இருப்பவரைக் கூப்பிடும்போது பெயர் உருமாறும் என்பது தமிழ் இலக்கணத்துக்குப் புதிய செய்தியல்ல. தொல்காப்பியத்தின் சொல்லதிகாரத்தில் விளிமரபு என்று ஓர் இயலே இதற்காக இருக்கிறது. இகரத்தில் முடியும் பெயர் விளிக்கும்போது ஈகாரமாகும் என்கிறது அது. 'அன்' என்று முடியும் பெயர் ஆகாரம் பெறும். ஆள் அருகிலேயே இருந்தால் அகரத்தோடு நின்றுவிடும். எந்தப் பெயரானாலும் தொலைவில் இருப்பவரைக் கூப்பிடும்போது அதன் ஓசை வழக்கமான மாத்திரையைத் தாண்டி நீளும் என்றும் தனியாக ஒரு விதி வைத்திருக்கிறது. அஃறிணைப் பெயர்களைக் கூப்பிடவும் வழி சொல்லியிருக்கிறது, ஏகாரம் சேர்த்து. நாயை 'நாயே' என்று அழைத்தால் இன்றைக்கு அது வேறு அர்த்தமாகிவிடும் என்பது தொல்காப்பியர் குற்றமல்ல.

நம் ஊர்த் தெருக்களில் தலைமுறை தலைமுறையாகப் புழங்கிய நாய்ப் பெயர்களை இந்தக் கண்ணோட்டத்தில் பார்த்தால் அவை ஏன் நிலைத்தன என்பது விளங்கும். மணி, டாமி, ஜிம்மி, ரோசி எல்லாம் கூப்பிடும்போது ஈகாரத்தில் போய் முடிகின்றன. ராஜா ஆகாரத்திலேயே இருக்கிறது. கருப்பன், வெள்ளையன், வீரன் ஆகியவை வாய் திறந்ததும் கருப்பா, வெள்ளையா, வீரா. வெள்ளைக்காரப் பெயரும் நாட்டுப் பெயரும் கலந்த இந்தப் பட்டியலில் பொதுவாக இருப்பது ஒன்றுதான். கடைசி உயிரை எவ்வளவு வேண்டுமானாலும் இழுக்கலாம்.

ஏன் உயிரெழுத்து இவ்வளவு முக்கியம்? ஒரு பெயரைக் கத்தும்போது வெளிப்படும் ஒலியின் பெரும் பங்கு உயிரில்தான் இருக்கிறது. மெய்கள் நொடியின் சிறு துண்டுகள், வந்ததும் தெரியாது போனதும் தெரியாது. உயிர்களுக்குள்ளும் வேறுபாடு உண்டு. ஒரே மூச்சில் ஒரே பலத்தில் சொன்னாலும் 'ஆ' மற்ற உயிர்களைவிட உரக்கக் கேட்கும், வாய் முழுக்கத் திறப்பதால். 'ஈ' அவ்வளவு உரக்க இல்லை. ஆனால் அதன் ஒலியில் ஒரு பகுதி 2,000 ஹெர்ட்ஸுக்கு மேலே இருக்கிறது, நாய்க்கும் பூனைக்கும் காது கூர்மையாக வேலை செய்யும் பக்கத்தில். 'ஊ' இரண்டு வகையிலும் நலிந்தது. உதடு குவிவதால் சத்தம் குறைவு. இருக்கிற சத்தமும் கீழ்ஸ்தாயியில், லாரியும் பஸ்ஸும் உறுமுகிற அதே இடத்தில் கிடக்கிறது. சந்தடியான தெருவில் 'ஜூஜூ', 'டுட்டு', 'பப்லு' போன்ற பெயர்கள் கரைந்து போவது இதனால்தான்.

நாயின் காது ஏறக்குறைய 45,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும், பூனையின் காது அதற்கும் மேலே 80,000 அருகில் வரை போகும், நமக்கு 20,000 உடன் கதை முடிந்தது. இதை வைத்துக்கொண்டு 'அதற்கு எப்படியும் கேட்கும்' என்று நினைப்பது பலர் செய்கிற பிழை. அந்த உயரமான ஒலிகள் எலியின் கீச்சொலியைப் பிடிக்க உதவும். மனிதக் குரல் அங்கே போவதே இல்லை. தெருச் சத்தத்துக்கு நடுவே கூப்பிடுகிற குரலைப் பிரித்தெடுக்க வேண்டிய பாடு நாய்க்கும் உண்டு.

அந்தப் பாட்டை அளந்தே பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அம்ரிதா மல்லிகார்ஜுனும் உடன் பணியாற்றியவர்களும் 2019இல் வெளியிட்ட ஆய்வு அது. வீட்டு நாய்களை ஒலிபெருக்கிகளுக்கு நடுவே உட்காரவைத்து, பல பெண்கள் ஒரே நேரத்தில் பேசும் இரைச்சலுக்கிடையே ஒரு முறை நாயின் சொந்தப் பெயரையும், மற்றொரு முறை அதே தாளத்தில் அமைந்த வேறு பெயரையும் ஒலிக்கவிட்டார்கள். நாய் எந்தப் பக்கம் திரும்பி எவ்வளவு நேரம் பார்க்கிறது என்பதே அளவுகோல். பெயரும் இரைச்சலும் சம அளவு உரத்து இருந்தபோதுகூட நாய்கள் தம் பெயரை இனம் கண்டன. இரைச்சல் பெயரைவிட 5 டெசிபல் கூடியதும் அவற்றால் முடியவில்லை.

இந்த 5 டெசிபலைத் தெருவுக்குக் கொண்டுவந்தால் ஒரு கணக்கு கிடைக்கும். திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்கானால் குரல் சுமார் 6 டெசிபல் இறங்குகிறது. 20 மீட்டரில் தெருச் சத்தத்துக்குச் சமமாகக் கேட்ட பெயர், 40 மீட்டரில் நாய்க்கு எட்டாத இடத்துக்குப் போய்விடுகிறது. அந்த இடத்தில் நின்றபடி தொண்டை கிழியக் கத்துவதைவிட பாதித் தூரம் நடந்து போய் ஒரு முறை கூப்பிடுவது மேல். பஸ் கடந்து போகும்வரை வாயை மூடிக்கொண்டிருப்பது அதனினும் மேல்.

உயிர் தூரத்துக்குக் கொண்டுபோகிறது என்றால், இது பேச்சல்ல பெயர் என்று காட்டிக்கொடுப்பது மெய். இங்கே தமிழுக்கென்று ஒரு வசதியும் ஒரு பள்ளமும் உண்டு. க, ச, ட, த, ப என்ற வல்லினங்கள் சொல்லின் நடுவே தனியாக வந்தால் நம் வாயில் குழைந்துவிடும். 'முகில்' என்பதில் வரும் ககரம் கிட்டத்தட்ட ஹகரம். பத்தடி தள்ளி நின்றாலே அது 'முயில்' போல ஒலிக்கும். இதே வல்லினம் இரட்டித்தால் கதை மாறிவிடும். 'சக்கி', 'பட்டு', 'அப்பு' என்று சொல்லிப் பார்த்தால், நடுவில் கணநேரம் குரல் அடைபட்டு, பிறகு படாரென்று திறப்பதை உணரலாம். இரைச்சல் என்பது இடைவெளியில்லாமல் ஓடிக்கொண்டிருப்பது. அதில் இப்படி ஒரு வெட்டு விழுந்தால் காது நிமிரும். மகி என்ற பூனையைவிட மக்கி என்ற பூனைக்குத் தன் பெயர் சீக்கிரம் பிடிபடும் என்று துணிந்து சொல்லலாம், மக்கிப் போன பெயர் என்று யாராவது கேலி செய்தாலும்.

ஸ, ஷ போன்ற உரசொலிகளைப் பற்றி ஆங்கிலப் புத்தகங்கள் நல்ல வார்த்தை சொல்லும். அறைக்குள் அது சரி. பூனையைக் கூப்பிட 'ப்ஸ் ப்ஸ்' என்று உலகமெங்கும் செய்கிறார்கள், பக்கத்தில் இருக்கும் பூனை உடனே திரும்பும். ஆனால் அந்த உரசலில் குரலே இல்லை, வெறும் காற்றுதான். அதன் உயர்ந்த ஒலிகளைக் காற்றும் மரமும் சுவரும் முதலில் விழுங்கிவிடும். 'ஷேடோ' என்று மாடியிலிருந்து கூப்பிட்டால் தெருமுனையில் இருப்பவர் காதில் விழுவது 'ஏடோ'. 

நாய்க்கு ஓர் எழுத்து மாறினால் தெரியுமா என்பது அடுத்த கேள்வி. புடாபெஸ்டில் உள்ள எத்வெஷ் லோராண்ட் பல்கலைக்கழகத்தில் லில்லா மாஜாரியும் குழுவினரும் நாய்களின் தலையில் மின்முனைகளை ஒட்டி மூளை அலைகளைப் பதிவு செய்தார்கள். 2020இல் வந்தது முடிவு. பழகிய கட்டளைச் சொல்லுக்கும் அதோடு ஒட்டாத அர்த்தமற்ற சொல்லுக்கும் மூளை வேறு வேறு விதமாக எதிர்வினை காட்டியது. ஒரே ஓர் ஒலி மட்டும் மாற்றப்பட்ட போலிச் சொல்லுக்கோ, பழகிய சொல்லுக்குக் காட்டிய அதே எதிர்வினைதான். 

இந்த முடிவு நம் வீடுகளில் இரண்டு இடத்தில் இடிக்கும். ஒன்று, கட்டளைகள். தமிழ் வீட்டு நாய்கள் பாதித் தமிழிலும் பாதி ஆங்கிலத்திலும் கட்டளை கேட்பவை. வா, போ, நில்லு, வேணாம், சிட், ஸ்டே, நோ. 'நிலா' என்று பெயர் வைத்த வீட்டில் 'நில்லு' என்ற சொல் குழம்பும். 'ஜோ' என்றால் போவும் நோவும் சேர்ந்து இடறும். 'பிட்டு'வுக்கு 'சிட்டு' என்று உகரம் ஒட்டிய சிட் பங்காளி. இரண்டாவது, ஜோடிப் பெயர்கள். இரண்டு குட்டிகள் வந்தால் சிண்டு, மிண்டு என்றோ பிங்கி, டிங்கி என்றோ எதுகை பார்க்காமல் நம்மவர்களுக்கு இருப்புக்கொள்ளாது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஒன்றைக் கூப்பிட்டால் இரண்டும் வரும், ஒன்றைத் திட்டினால் இரண்டும் பதுங்கும்.

இதையெல்லாம் ஒரு வீட்டில் வைத்துப் பார்க்கலாம். சென்னையில் ரயில் பாதையை ஒட்டிய ஓர் அடுக்ககத்தின் இரண்டாம் மாடி என்று வைத்துக்கொள்வோம். தெருவில் கிடைத்த மூன்று மாத நாட்டுக்குட்டி, பழுப்பு நிறம். வீட்டில் தாத்தா, அம்மா, ஒன்பதாவது படிக்கும் மகள், அவளுடைய தம்பி. தம்பி கேட்பது ஷேடோ. அம்மாவுக்கு பிரவுனி. மகளுக்கு நிலா. தாத்தா ஒரே பிடியாக வீரன் என்கிறார். பேச்சுவாக்கில் காப்பி, மிட்டாய் என்று இரண்டு பெயர்களும் பட்டியலில் ஏறிவிடுகின்றன.

முதல் சோதனை மேசையிலேயே முடியும். பட்டியலில் உள்ள ஒவ்வொரு பெயரையும் நான்கு பேரும் சொல்லிப் பார்க்க வேண்டும், சாதாரணமாக இல்லாமல், குட்டி அடுத்த அறையில் இருப்பதுபோல. 'பிரவுனி' தாத்தா வாயில் 'பெரவுனி' ஆகிறது, தம்பி வாயில் 'ப்ரௌனீ'. தொடக்கத்தில் இரண்டு மெய்கள் சேர்ந்து வரும் பெயர்களுக்குத் தமிழ் வாய் நடுவில் ஓர் உயிரைச் செருகும், ஒவ்வொருவரும் ஒவ்வொன்றை. 'வீரன்' யாராலும் வீரன் என்று கூப்பிடப்படவில்லை, நான்கு பேருமே 'வீரா' என்கிறார்கள். அது குறையில்லை, அட்டையிலும் வீரா என்றே எழுதிவிட்டால் போதும்.

காப்பி இந்தச் சோதனையில் முதல் மதிப்பெண் வாங்கும் பெயர். வல்லினத் தொடக்கம், நெடில், நடுவில் இரட்டித்த பகரம், நீட்டத்தக்க இகரம். ஆனால் அதை உடனே விலக்க வேண்டியிருக்கும்.

"ஏம்மா, காப்பி கெடைக்குமா?" என்று தாத்தா தினமும் எத்தனை முறை கேட்பார் என்று யோசித்தால் காரணம் விளங்கும். ஒவ்வொரு முறையும் குட்டி தலைநிமிர்ந்து பார்க்கும். அதற்கு எதுவும் நடக்காது. சில வாரங்களில் அந்த ஒலியைக் காதில் போட்டுக்கொள்ளாமல் இருக்கப் பழகிவிடும். குட்டி, கண்ணா, செல்லம், தங்கம் என்ற பெயர்களுக்கும் இதே ஊனம் உண்டு, வீட்டில் பிள்ளைகளையும் அப்படித்தானே கூப்பிடுகிறோம்.

இரண்டாவது சோதனைக்குத் தெரு வேண்டும். ஒருவர் பால்கனியில் நிற்கிறார். இன்னொருவர் தெருவில் அறுபது எழுபது அடி வைத்துத் தள்ளிப் போய், முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார், கையில் துண்டுச்சீட்டும் பேனாவும். மாலை ஆறு மணி உகந்த நேரம். நாய் ஓடிப்போவதும் பெரும்பாலும் அப்போதுதான், சத்தமும் உச்சத்தில் இருக்கும். பால்கனியில் இருப்பவர் வரிசை மாற்றி மாற்றிப் பெயர்களைக் கூப்பிட, கீழே இருப்பவர் காதில் விழுந்ததை அப்படியே எழுத வேண்டும். இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. கீழே நிற்பவருக்குப் பட்டியல் தெரியவே கூடாது. தெரிந்தால் 'ஏடோ' என்று கேட்டதை மூளை 'ஷேடோ' என்று திருத்திக்கொள்ளும். நாய்க்கு அந்தத் திருத்தும் வசதி கிடையாது. எனவே வீட்டுப் பிள்ளைகளை விட்டுவிட்டு எதிர்வீட்டுப் பையனை நிறுத்துவது நல்லது.

சீட்டில் வருவது இப்படி இருக்கும். ஷேடோவுக்கு எதிரே 'ஏடோ' அல்லது 'டேய்'. நிலாவுக்கு 'ஈலா', 'லீலா'. முதல் எழுத்தான நகரத்தை ரயில் சத்தம் தின்றுவிடுகிறது. வீராவுக்கு 'ஈரா', 'மீரா'. அடுத்த வாசலில் மீரா என்று யாராவது இருந்தால் அவரும் எட்டிப்பார்ப்பார். மிட்டாய்க்கு 'மிட்டாய்', ஒருமுறை 'பிட்டாய்'. தொடக்க மகரம் மங்கினாலும் நடுவில் இருக்கும் டகர வெட்டும், அதற்குப் பின் எவ்வளவு வேண்டுமானாலும் நீட்டக்கூடிய ஆகாரமும் பெயரைக் காப்பாற்றிவிடுகின்றன. நீட்டியபின் யகரத்தில் போய் முடிவதால் ஒலி ஈகாரத்தின் கூர்மையோடு நிற்கிறது. கட்டளை எதோடும் ஒட்டவில்லை. வீட்டில் மிட்டாய் என்ற சொல் அடிக்கடி புழங்குவதும் இல்லை, பிள்ளைகள் சாக்லேட் என்றுதான் கேட்கிறார்கள். 

"நாய்க்கு மிட்டாய்னு பேரா? சிரிப்பாங்கடி" என்று தாத்தா முணுமுணுப்பார். அதுவும் ஒரு சோதனைதான். இரவு பதினொரு மணிக்கு வேட்டியைப் பிடித்துக்கொண்டு தெருவில் ஓடியபடி அந்தப் பெயரைக் கத்தத் தாத்தாவுக்குக் கூச்சம் இருந்தால், அவர் கத்தமாட்டார். அதேபோல் அக்கம்பக்கத்து மனிதர்களின் பெயரும் ஆகாது. மாடிவீட்டு மணி சாருக்குக் கேட்கும்படி "மணி, இங்க வாடா" என்று கூவி உறவைக் கெடுத்துக்கொண்டவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள்.

பெயர் முடிவானபின் அதைக் கூப்பிடும் மெட்டு என்று ஒன்று இருக்கிறது. அமெரிக்க விலங்கு நடத்தை ஆய்வாளர் பாட்ரிசியா மக்கானல், பல மொழிகள் பேசும் நாய், குதிரைப் பயிற்சியாளர்களின் அழைப்பொலிகளைப் பதிவு செய்து ஒப்பிட்டார். விலங்கை நகர்த்த எல்லா மொழிக்காரர்களும் குறுகிய ஒலியைத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். நிறுத்த ஒரே நீண்ட ஒலியை இழுத்தார்கள். பிறகு நாய்க்குட்டிகளை வைத்துச் சோதித்து 1990இல் வெளியிட்ட கட்டுரையில், மேலேறும் குறுகிய ஒலிகள் நான்கை அடுத்தடுத்துக் கேட்ட குட்டிகள் 'வா' என்பதை எளிதாகக் கற்றதாகவும், நீண்டு கீழிறங்கும் ஓர் ஒலியைவிட அந்தக் குறுகிய ஒலிகள் அவற்றைக் கூடுதலாக அசையவைத்ததாகவும் காட்டினார்.

தமிழ்ப் பழக்கம் இங்கே கொஞ்சம் முரண்டுபிடிக்கும். தூரத்தில் இருப்பதைக் கூப்பிட நாம் நீட்டுவோம், அதுவும் கடைசியில் குரலை இறக்கி. "மிட்டாஆஆய்." மக்கானல் கண்டபடி பார்த்தால் இது நாயை நிற்கச் சொல்லும் மெட்டு. நீட்டாமல் இருந்தாலோ தூரத்துக்கு எட்டாது. இரண்டையும் சேர்த்துக்கொள்வதே வழி. முதலில் ஒரு முறை நீட்டி, கடைசியில் குரலை இறக்காமல் மேலே தூக்கி நிறுத்த வேண்டும். நாய் தலையைத் திருப்பிய அந்தக் கணத்தில் மெட்டை மாற்றி, "மிட்டாய் மிட்டாய் வா வா" என்று குறுகக் குறுக. சிறுவர்கள் இதை யாரும் சொல்லிக்கொடுக்காமலே செய்வார்கள். கோபமாக இருக்கும் பெரியவர்கள்தான் இழுத்து இறக்குகிறவர்கள்.

நீட்டிய பெயரையும் குட்டிக்கு முன்கூட்டியே பழக்க வேண்டும் என்பது பலருக்குத் தோன்றுவதில்லை. சமையலறையில் 'மிட்டாய்' என்று மட்டும் கேட்டு வளர்ந்த குட்டிக்கு, மாடியிலிருந்து வரும் 'மிட்டாஆஆய்' முற்றிலும் வேறு ஓசையாக இருக்கலாம். பழக்கும் முறை கடினமில்லை. பெயரை ஒரே ஒரு முறை சொல்ல வேண்டும். குட்டி பார்த்ததும் ஓரிரு நொடிக்குள் சுண்டுவிரல் நகமளவு வேகவைத்த கோழியோ முட்டையோ வாயில். ஓர் அமர்வுக்கு ஐந்தாறு தடவை, ஒரு நாளைக்கு மூன்று நான்கு அமர்வு. அறைக்குள் பிடிபட்டதும் வராந்தாவிலிருந்து, பிறகு மாடிப்படியிலிருந்து, பிறகு கயிற்றில் கட்டித் தெருவில். தூரம் கூடக் கூடக் குரலையும் நீட்டிக்கொண்டே போகலாம்.

பூனை விஷயத்தில் மக்கள் முன்கூட்டியே கைவிட்டுவிடுகிறார்கள். "பூனைக்கு ஏது பேரு, சோறு வச்சா வரும்" என்பது பொது அபிப்பிராயம். ஜப்பானில் அத்சுகோ சைட்டோ இதைச் சோதித்தார். பூனைகளுக்கு அவற்றின் பெயரைப் போலவே நீளமும் அழுத்தமும் உள்ள நான்கு சொற்களை வரிசையாகக் கேட்கவிட்டு, அவை சலித்துக் காதை அசைப்பதை நிறுத்தியபின் ஐந்தாவதாகப் பெயரைச் சொன்னார்கள். காதும் தலையும் மறுபடி அசைந்தன. அந்நியர் குரலில் சொன்னபோதும் அசைந்தன. 2019இல் வந்த இந்த ஆய்வில் கவனிக்க வேண்டியது, பூனையின் பதில் எப்படி இருந்தது என்பதைத்தான். எழுந்து ஓடிவருவதைப் பதிலாக எதிர்பார்க்கிறவருக்குப் பூனை கேட்டதே தெரியாது. காது மடல் கூப்பிட்டவர் பக்கம் லேசாகச் சுழன்றாலே பெயர் போய்ச் சேர்ந்துவிட்டது என்று பொருள். வருவதும் வராததும் அதன் இஷ்டம்.

அதே ஆய்வில் பூனைகளோடு விளையாடுவதற்காகவே மக்கள் வந்து போகும் தேநீரகம் ஒன்றின் பூனைகளும் இருந்தன. அவை தம் பெயரைச் சாதாரணச் சொற்களிலிருந்து பிரித்துக் கண்டுகொண்டன. கூட இருக்கும் பூனைகளின் பெயர்களிலிருந்து பிரிக்கத் தெரியவில்லை. வாசலில் நான்கைந்து தெருப் பூனைகளுக்குச் சோறு வைக்கிறவர்கள் இதை மனத்தில் கொள்ளலாம். எல்லாப் பெயரையும் ஒரே மூச்சில் கூவி எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் தட்டு வைத்தால், எந்தப் பெயரும் எந்தப் பூனைக்கும் சொந்தமாகாது. வீட்டுக்குள் எடுத்துக்கொள்ளப் போகும் பூனையைத் தனியே பிரித்து, தனி இடத்தில், அதன் பெயருக்குப்பின் தட்டு வரவேண்டும்.

தெருப் பூனைக்கு ஏற்கெனவே ஒரு 'பெயர்' இருக்கும் என்பதும் உண்மை. மீன்காரம்மாவின் கூவல், தட்டை வாசற்படியில் தட்டுகிற சத்தம், 'மியா மியா' என்ற அழைப்பு. அவற்றைக் கேட்டால் பறந்து வரும். அந்தச் சத்தத்தையே ஏணியாக்கிப் புதுப் பெயருக்கு ஏறிவிடலாம், வரிசை மாறாமல் இருந்தால். முதலில் பெயர், ஒரு நொடி இடைவெளி, பிறகு தட்டின் சத்தம், பிறகு சோறு. தட்டைத் தட்டிவிட்டுப் பெயரைச் சொன்னால் ஒரு பயனும் இல்லை. சோறு வருவது அதற்குத் தட்டிலேயே தெரிந்துவிட்டது, பிறகு வரும் பெயரைக் கேட்டு ஆகப்போவது ஒன்றுமில்லை. இன்னொரு வீட்டிலிருந்து வந்த நாய்க்குப் பெயர் மாற்றுவதும் இப்படியே. புதுப் பெயர், உடனே பழைய பெயர், பிறகு தீனி. சில நாளில் பழைய பெயருக்குக் காத்திராமல் புதியதற்கே திரும்பும். அதன்பிறகு பழையதை விட்டுவிடலாம்.

நன்றாக அமைந்த பெயரும் கெட்டுப்போவதுண்டு. குளிப்பாட்டப் பிடிக்கும்போது, மாத்திரை திணிக்கும்போது, மெத்தையில் மூத்திரம் போனதற்கு அதட்டும்போது பெயரைச் சொல்லியே செய்தால், அந்த ஒலி கேட்டதும் நாய் வாலை ஒடுக்கும், பூனை கட்டிலடியில் போய்விடும். பெயர் கெட்டதற்கு இதுவே அடையாளம்: காது திரும்புகிறது, உடம்பு எதிர்ப்பக்கம் போகிறது. காது கேட்காததுபோல் இருப்பதற்கும் இதற்கும் வேறுபாடு உண்டு. குளியலுக்குப் பேசாமல் போய்த் தூக்கிவருவதும், திட்டுவதற்குப் பெயரில்லாமல் 'ஏய்' என்று நிறுத்திக்கொள்வதும் நல்லது. ஏற்கெனவே கெட்டுவிட்டிருந்தால் பழைய பெயரைச் செப்பனிடுவதைவிட, ஒலியில் அதற்குச் சற்றும் ஒட்டாத புதுப் பெயரை முதலிலிருந்து தொடங்குவது சுலபம்.

காதே திரும்பாத பூனையும் உண்டு. உடல் முழுக்க வெள்ளையாகவும் இரண்டு கண்ணும் நீலமாகவும் இருக்கும் பூனைகளில் பெரும்பாலானவை பிறவியிலேயே செவிடு. ஒரு கண் மட்டும் நீலமானால் அந்தப் பக்கத்துக் காது கேட்காமல் இருக்க வாய்ப்பு அதிகம். பூனை வேறுபக்கம் பார்த்துக்கொண்டிருக்கும்போது, காற்று அதன்மேல் படாத தூரத்திலிருந்து ஒரு காகிதத்தைக் கசக்கிப் பார்க்கலாம். மடல் அசையவே இல்லை என்றால் கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். அப்படிப்பட்ட பூனைக்குப் பெயர் அட்டையில் எழுத மட்டுமே. கூப்பிடுவதற்குத் தரையைக் காலால் இரண்டு முறை தட்டுவதையோ, அறை விளக்கை அணைத்து ஏற்றுவதையோ அதே கோழித்துண்டு முறையில் பழக்கலாம். அதைத் தனியாகத் தெருவுக்கு விடாமல் வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்ள வேண்டும்.